ஆய்வுமுறைப் பகுதியில் மறையும் பிழை: மறுமொழிப் பரப்புச் சோதனை எழுத்து – ஒரு திறனாய்வு (இளம்பிள்ளைச் சாயமிடலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் ஆய்வேடுகளில் மறுமொழிப் பரப்பு முறையில் அமைந்த சோதனைகள் மிகுந்துள்ளன. அவற்றின் ஆய்வுமுறைப் பகுதி பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் எழுதப்படுகிறது. வடிவமைப்பின் பெயர், சோதனைகளின் எண்ணிக்கை, மென்பொருள், ஆர்-வர்க்கம் ஆகியவை இடம்பெறுகின்றன. சோதனையின் பிழை எவ்வாறு அளக்கப்பட்டது என்பது இடம்பெறுவதில்லை. இவ்விடுபாடு பொருத்தக்குறைச் சோதனையின் முடிவை எங்ஙனம் தலைகீழாக்குகிறது என்பதைப் பருத்தி நூலுக்குச் சாயமிடும் எடுத்துக்காட்டு ஒன்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் இப்பகுதியை எழுதும்போது செயப்பாட்டுவினையும் கலைச்சொல் தேர்வும் இவ்விடுபாட்டுக்கு எவ்வாறு துணைபோகின்றன என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மறுமொழிப் பரப்பு, மையக் கூட்டு வடிவமைப்பு, பொருத்தக்குறை, தூய பிழை, மாதிரி உறுப்பு, சாயமிடல், இளம்பிள்ளை

முன்னுரை

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை, விசைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்கு முன்னால் சாயப்பட்டறை நிற்கிறது. பருத்தி நூலுக்கு வினைச்சாயம் ஏற்றும்போது சாயம் நீரிலிருந்து இழைக்கு நகர உப்பு வேண்டும். இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளச் சோடா வேண்டும். இவ்வுப்பு சாயத்தை இழையை நோக்கித் தள்ளுகிறதேயன்றி, தான் இழையில் தங்குவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கும் வழக்கமான சுத்திகரிப்பு, கரைந்த உப்பை நீக்குவதில்லை. நொய்யலாற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதன் பின்புலத்தில் இவ்வுப்பும் இருந்தது.

ஆகவே, 'நிறத்தின் ஆழம் குன்றாமல் உப்பை எவ்வளவு குறைக்கலாம்?' என்பது மெய்யான கேள்வி. இதற்கு விடைகாண மறுமொழிப் பரப்பு முறை ஏற்றது. 1951இல் பாக்சும் வில்சனும் இம்முறையை முன்வைத்தபோது அவர்கள் பிரித்தானிய வேதித்தொழில் நிறுவனமொன்றின் சூழலிலிருந்தே எழுதினர். குறைந்த சோதனைகளைக் கொண்டு, காரணிகள் சேர்ந்து மாறும்போது விளைவு எவ்வாறு வளைகிறது என்பதை அறிவதே அம்முறையின் நோக்கம். குறைந்த சோதனைகள் என்பதாலேயே ஒவ்வொரு சோதனையும் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை ஆய்வுமுறைப் பகுதி தெளிவாகச் சொல்ல வேண்டியதாகிறது. அது சொல்லத் தவறும் இடமே இக்கட்டுரையின் பொருள்.

1. வழக்கமான பத்தியும் அதன் இடைவெளிகளும்

ஆய்வேடுகளில் காணப்பெறும் வாய்பாட்டைப் பின்பற்றித் திறனாய்வுக்கென இங்கு ஒரு பத்தி அமைக்கப்படுகிறது. இது எந்த ஒரு தனி ஆய்வேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று.

> "சாயமிடல் நிலைகளை உகப்பாக்க மறுமொழிப் பரப்பு முறை பயன்படுத்தப்பட்டது. உப்பு, சோடா ஆகிய இரு காரணிகள் மையக் கூட்டு வடிவமைப்பில் 13 சோதனைகளாக ஆராயப்பட்டன. மையப்புள்ளி ஐந்து முறை அளக்கப்பட்டது. மென்பொருள் வழி இருபடி மாதிரி பெறப்பட்டது, ஆர்-வர்க்கம் 0.98. முக்கியமற்ற உறுப்பு நீக்கப்பட்டது. பொருந்தாமை முக்கியமானதாக இருப்பினும், ஆர்-வர்க்கம் உயர்வாக இருப்பதால் மாதிரி ஏற்கப்பட்டது."

மொழியளவில் இப்பத்தியில் குற்றமில்லை. ஆனால் வேறொருவர் இதைக் கொண்டு இச்சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது. இதன் முடிவை நம்பலாமா என்று தீர்மானிக்கவும் இயலாது. இடைவெளிகளுள் மூன்று முதன்மையானவை. 'ஐந்து முறை அளக்கப்பட்டது' என்றால் எது ஐந்து முறை நிகழ்ந்தது? 0.98 என்பது உறுப்பு நீக்கத்துக்கு முன்னையதா, பின்னையதா? பொருந்தாமை முக்கியமானது என்று தெரிந்தபின் ஆர்-வர்க்கம் அதை எவ்வாறு ஈடுசெய்யும்? இம்மூன்று வினாக்களையும் எண்களோடு வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

2. எடுத்துக்காட்டுச் சோதனை

கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கட்டுரையாளர் அமைத்தவை. எப்பட்டறையிலும் அளக்கப்பட்டவை அல்ல. கணக்கைப் படிப்பவர் தாமே சரிபார்க்கும் வகையில் காரணிகள் இரண்டோடு நிறுத்தப்பட்டுள்ளன.

முதற்காரணி சோடியம் சல்ஃபேட் உப்பு. மையம் லிட்டருக்கு 50 கிராம். ஒரு படி 20 கிராம். இரண்டாம் காரணி சோடா. மையம் 15 கிராம். ஒரு படி 5 கிராம். மையத்தை 0 எனவும் ஒரு படி மேல், கீழ் ஆகியவற்றை +1, −1 எனவும் குறியிடுகிறோம். நான்கு மூலைப்புள்ளிகள், மையத்திலிருந்து 1.414 படி தொலைவில் நான்கு அச்சுப்புள்ளிகள், மையத்தில் ஐந்து சோதனைகள் என மொத்தம் 13. அச்சுப்புள்ளிகளில் உப்பு 21.7, 78.3 கிராம், சோடா 7.9, 22.1 கிராம்.

மறுமொழி, சாயமேறிய நூலின் நிற ஆழம். நூலிலிருந்து திரும்பும் ஒளியின் பின்னத்தை R எனக் கொண்டு, குபெல்காவும் முங்கும் 1931இல் தந்த உறவிலிருந்து அது கணக்கிடப்படுகிறது:

```
K/S = (1 − R)² / (2R)
```

மையம் தவிர்த்த எட்டுப் புள்ளிகளின் மதிப்புகள் வருமாறு.

| உப்பு (குறியீடு) | சோடா (குறியீடு) | நிற ஆழம் |
|---|---|---|
| −1 | −1 | 7.60 |
| +1 | −1 | 11.70 |
| −1 | +1 | 9.50 |
| +1 | +1 | 12.40 |
| −1.414 | 0 | 8.13 |
| +1.414 | 0 | 11.67 |
| 0 | −1.414 | 9.52 |
| 0 | +1.414 | 11.08 |

மையப்புள்ளியின் ஐந்து மதிப்புகளின் சராசரி 12.00. இத்தரவுக்கு முழு இருபடி மாதிரியைப் பொருத்தினால் கிடைப்பது:

```
y = 12.0 + 1.5 x1 + 0.6 x2 − 0.3 x1 x2 − 1.0 x1² − 0.8 x2²
```

இதில் ஆறு உறுப்புகள் உள்ளன. மாறிலி ஒன்று, நேர்கோட்டு உறுப்புகள் இரண்டு, இடைவினை உறுப்பு ஒன்று, இருபடி உறுப்புகள் இரண்டு. கெழுக்கள் குறியிட்ட மதிப்புகளுக்கு உரியவை என்பதைக் கட்டுரை சொல்ல வேண்டும். கிராம் அளவில் எழுதினால் கெழுக்கள் அனைத்தும் மாறும். அவற்றின் பருமனை ஒன்றோடொன்று ஒப்பிடவும் இயலாது.

3. 'ஐந்து முறை' என்பதன் இருபொருள்

மாதிரியால் விளக்கப்படாமல் எஞ்சும் வர்க்கக் கூடுதல் இரு கூறுகளாகப் பிரியும். ஒன்று, அதே நிலையில் திரும்பச் செய்த சோதனைகள் தமக்குள் வேறுபடுவதால் வருவது. இது தூய பிழை. மற்றொன்று, புள்ளிகளின் சராசரிகள் மாதிரியின் பரப்பிலிருந்து விலகுவதால் வருவது, இது பொருத்தக்குறை. இரண்டாவதன் சராசரி வர்க்கத்தை முதலாவதன் சராசரி வர்க்கத்தால் வகுப்பதே பொருத்தக்குறைச் சோதனையின் எஃப் விகிதம்.

```
F = (SS_LOF / df_LOF) / (SS_PE / df_PE)
```

நம் எடுத்துக்காட்டில் வெவ்வேறு நிலைகள் ஒன்பது. மாதிரி உறுப்புகள் ஆறு. ஆகவே பொருத்தக்குறைக்குக் கட்டின்மைப் படிகள் மூன்று. மையத்து ஐந்து மதிப்புகளிலிருந்து தூய பிழைக்கு நான்கு. பொருத்தக்குறையின் வர்க்கக் கூடுதல் ஏறத்தாழ 0.60, சராசரி வர்க்கம் 0.20. இது மையத்தின் சராசரியை மட்டுமே சார்ந்தது; மையத்து மதிப்புகள் எவ்வளவு சிதறின என்பதைச் சார்ந்ததன்று.

இப்போது 'ஐந்து முறை' என்பதை இருவிதமாகச் செய்து பார்ப்போம். முதலாமவர், ஐந்து நூற்சிட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சாயநீரைப் புதிதாகக் கலந்து, உப்பையும் சோடாவையும் தனித்தனியே எடையிட்டு, பிற சோதனைகளுக்கிடையே கலந்த வரிசையில் சாயமிட்டார். மதிப்புகள் 12.1, 11.6, 12.4, 11.8, 12.1. தூய பிழையின் வர்க்கக் கூடுதல் 0.38, சராசரி வர்க்கம் 0.095. எஃப் விகிதம் 2.1. மூன்றும் நான்குமான கட்டின்மைப் படிகளுக்கு 5 விழுக்காட்டு எல்லை 6.59. பொருத்தக்குறை முக்கியமானதன்று.

இரண்டாமவர், ஒரு சிட்டத்துக்கு மட்டும் சாயமிட்டு, அதன் ஐந்து இடங்களை நிறமானியில் வைத்தார். மதிப்புகள் 12.04, 11.97, 12.02, 11.99, 11.98. சராசரி அதே 12.00. வர்க்கக் கூடுதல் 0.0034, சராசரி வர்க்கம் 0.00085. எஃப் விகிதம் 235. பொருத்தக்குறை மிக மிக முக்கியமானது.

மாதிரி ஒன்றே; பரப்பு ஒன்றே; எட்டுப் புள்ளிகளும் ஒன்றே. தீர்ப்பு மட்டும் நேரெதிர். இரண்டாமவர் அளந்தது நிறமானியின் பிழையும் சிட்டத்துக்குள் நிறம் பரவிய சீர்மையின் குறைவுமே. எடையிடல், கரைத்தல், சூடேற்றல், சோடா சேர்க்கும் நேரம் ஆகியவற்றில் நிகழும் மாறுபாடு அதில் இல்லை. ஆனால் மற்ற எட்டுப் புள்ளிகளிலும் அம்மாறுபாடு முழுமையாக உண்டு. சிறிய பிழையால் பெரிய பிழையை அளக்க முற்பட்டதன் விளைவே 235.

இதில் ஆர்-வர்க்கத்தின் நடத்தை கருதத்தக்கது. முதலாமவருக்கு அது 0.97, இரண்டாமவருக்கு 0.98. அதாவது தவறாகச் செய்த சோதனைக்கே உயர்ந்த மதிப்பு கிடைக்கிறது. மையத்துச் சிதறல் போலியாகக் குறையும்போது மொத்தச் சிதறலில் விளக்கப்படாத பங்கும் குறைகிறது என்பதே காரணம். 'ஆர்-வர்க்கம் உயர்வாக இருப்பதால் மாதிரி ஏற்கப்பட்டது' என்னும் வாதம் இங்கு வீழ்கிறது. பொருத்தக்குறை முக்கியமானதாக வந்தால் முதலில் ஐயுற வேண்டியது, மையப்புள்ளிகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதையே. அவை மெய்யாகத் தனித்தனிச் சோதனைகள் என்றால் மட்டுமே மாதிரியின் வடிவத்தை ஐயுற வேண்டும். எவ்வகையிலும் ஆர்-வர்க்கம் இதற்கு விடையன்று.

முழுச் சரிக்கும் முழுத் தவறுக்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. ஆய்வகச் சாயமிடல் கருவியில் பல குடுவைகள் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் சுழல்கின்றன. மையத்து ஐந்தும் ஒரே சுற்றில் சாயமிடப்பட்டு மற்றவை வேறு சுற்றுகளில் சாயமிடப்பட்டால், சுற்றுக்குச் சுற்று நேரும் வேறுபாடு தூய பிழையில் சேராது. இதைத் தவிர்க்க, மூலைப்புள்ளிகளை ஒரு தொகுதியாகவும் அச்சுப்புள்ளிகளை மற்றொரு தொகுதியாகவும் வைத்து, ஒவ்வொன்றோடும் சம எண்ணிக்கையில் மையப்புள்ளிகளைச் சேர்க்கலாம். இரு காரணி வடிவமைப்பில் அச்சுத்தொலைவு 1.414 ஆயின், இப்பகுப்பு கெழுக்களின் மதிப்பீட்டைப் பாதிப்பதில்லை. எவ்வாறு செய்திருப்பினும் எத்தனை சுற்றுகள், எச்சுற்றில் எவை என்பதை எழுதுதல் வேண்டும்.

4. முக்கியமற்றது எனின் சரியானது என்றாகுமா?

முதலாமவரின் முடிவைக் கொண்டு 'பொருத்தக்குறை முக்கியமற்றது. ஆகவே மாதிரி சரியானது' என்று எழுதுவதும் வழக்கம். இதுவும் பிழையே. தூய பிழை 0.095 ஆக இருக்கும்போது எஃப் விகிதம் 6.59ஐத் தாண்டப் பொருத்தக்குறையின் வர்க்கக் கூடுதல் 1.88ஐ எட்ட வேண்டும். எட்டு வெளிப்புள்ளிகளுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொரு புள்ளியும் சராசரியாக 0.48 அளவு பரப்பிலிருந்து விலகினால்தான் இச்சோதனை எச்சரிக்கும். அதற்குக் குறைந்த விலகலை இச்சோதனை காணாமற் போக வாய்ப்பு மிகுதி. 'சான்று கிடைக்கவில்லை' என்பதே இதன் பொருள். 'குறை இல்லை' என்பதன்று.

எனவே எஃப் விகிதத்தோடு நில்லாமல் பொருத்தக்குறை எத்திசையில் இருக்கிறது என்று பார்ப்பது பயனுடையது. நம் தரவில் மூலைப்புள்ளிகளைக் கொண்டு உப்பின் சரிவைக் கணித்தால் படிக்கு 1.75 வருகிறது:

```
(11.70 + 12.40 − 7.60 − 9.50) / 4 = 1.75
```

அச்சுப்புள்ளிகளைக் கொண்டு கணித்தால் 1.25 மட்டுமே:

```
(11.67 − 8.13) / 2.828 = 1.25
```

மாதிரி தரும் 1.5 இவ்விரண்டின் நடுவில் நிற்கிறது. பொருத்தக்குறையின் 0.60இல் 0.50 இவ்வேறுபாடு ஒன்றாலேயே வருகிறது. உப்பின் விளைவு ஓரங்களில் தட்டையாகிறது என்பது ஒரு விளக்கம். உப்பின் சரிவு சோடாவின் அளவைப் பொறுத்து வளைந்து மாறுகிறது என்பது மற்றொரு விளக்கம். ஏனெனில் மூலைப்புள்ளிகளில் சோடா மையத்திலிருந்து விலகியிருக்கிறது. உப்பின் அச்சுப்புள்ளிகளில் மையத்திலேயே நிற்கிறது. இவ்விரண்டையும் இவ்வடிவமைப்பால் பிரித்தறிய இயலாது. உப்பின் நடுவழி அளவுகளில் மேலும் சில சோதனைகள் தேவைப்படும். சோதனை முக்கியமற்றது என்று சொன்னபோதிலும் இதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடும் ஆய்வாளர், அடுத்து வருபவருக்கு வழி காட்டுகிறார்.

5. உறுப்பு நீக்கம் எங்கே சேர்கிறது?

'முக்கியமற்ற உறுப்பு நீக்கப்பட்டது' என்னும் வாக்கியம் எந்த உறுப்பு, எந்த அளவுகோலால், எப்போது என்று சொல்வதில்லை. முதலாமவரின் தரவில் இடைவினை உறுப்பின் வர்க்கக் கூடுதல் 0.36. எச்சத்தின் சராசரி வர்க்கம் 0.98 ÷ 7 = 0.14. எஃப் விகிதம் 2.57, எல்லை 5.59. நீக்கலாம் என்று மென்பொருள் காட்டும்.

நீக்கிய உறுப்பு மறைந்துவிடுவதில்லை. தூய பிழை மையத்திலிருந்து வருவதால் அது மாறாது. ஆகவே நீக்கப்பட்ட 0.36 முழுவதும் பொருத்தக்குறையில் சேர்கிறது. வர்க்கக் கூடுதல் 0.60இலிருந்து 0.96 ஆகிறது, கட்டின்மைப் படி மூன்றிலிருந்து நான்காகிறது, எஃப் விகிதம் 2.1இலிருந்து 2.5 ஆகிறது. ஆர்-வர்க்கம் 0.97இலிருந்து 0.96க்கு இறங்குகிறது. இரண்டாமவரின் தரவிலோ 0.98 என்பது 0.97 ஆகிறது. மேற்காட்டிய பத்தியில் 0.98 என்று முழு மாதிரிக்குரிய மதிப்பைத் தந்துவிட்டு, சுருக்கிய மாதிரியைப் பயன்படுத்துவது இதனால்தான் குறையாகிறது. எந்த மாதிரிக்கு எந்த எண் என்பது உடன் நிற்க வேண்டும்.

இங்கு எண்கள் சிறிதே மாறின. காரணிகள் மூன்று, நான்கு என்று பெருகும்போது ஐந்தாறு உறுப்புகள் நீக்கப்படுவதுண்டு. அப்போது பொருத்தக்குறை எவ்வளவு பெருகியது என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை. மேலும், இருபடி உறுப்பையோ இடைவினையையோ வைத்துக்கொண்டு அதற்கு அடிப்படையான நேர்கோட்டு உறுப்பை நீக்குவதும் காணப்படுகிறது. அவ்வாறு செய்தால் மாதிரியின் பொருள், மையத்தை எங்கே வைத்தோம் என்பதைச் சார்ந்துவிடும். குறியீட்டிலிருந்து கிராமுக்கு மாற்றும்போது நீக்கிய உறுப்பு திரும்ப முளைக்கும். படிநிலையைக் காத்தோமா என்பதையும் ஆய்வுமுறைப் பகுதி சொல்ல வேண்டும்.

6. பட்டறைக்கு இதனால் என்ன?

மாதிரியின்படி நிற ஆழத்தின் உச்சம் உப்பு 64 கிராம், சோடா 16 கிராம் அளவில் 12.61. உப்பை 50 கிராமில் நிறுத்திச் சோடாவை 17 கிராம் அளவுக்குச் சரிசெய்தால் 12.11. வேறுபாடு 0.50. நூலுக்கு இருபது மடங்கு சாயநீர் எனக் கொண்டால், இம்மாற்றம் ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ 285 கிராம் உப்பைக் கழிவுநீரிலிருந்து விலக்குகிறது.

நிற ஆழத்தின் இவ்விழப்பு பெரிதா, சிறிதா? முதலாமவரின் தூய பிழைக்குத் திட்ட விலக்கம் 0.31. அவர் பார்வையில் இழப்பு, ஒரு சிட்டத்துக்கும் மறு சிட்டத்துக்கும் இயல்பாக நேரும் வேறுபாட்டின் ஒன்றரை மடங்கை ஒட்டியது. உப்பைக் குறைத்து உறுதிப்படுத்தும் சோதனை செய்து பார்க்கத் தகுந்தது. இரண்டாமவரின் திட்ட விலக்கம் 0.029. அவர் பார்வையில் அதே இழப்பு பிழையின் பதினேழு மடங்கு. உப்பைக் குறைக்கவே கூடாது. 'ஐந்து முறை அளக்கப்பட்டது' என்னும் மூன்று சொற்கள் மறைத்தது இவ்வளவு. உப்பைக் குறைப்பது பற்றிய தீர்மானமே அம்மூன்று சொற்களில் தங்கியிருந்தது.

7. மொழி செய்யும் துணை

இம்மறைப்பில் மொழிக்கும் பங்குண்டு. 'அளக்கப்பட்டது', 'ஆராயப்பட்டன', 'நீக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினைகள் செய்தவரை மட்டுமன்றிச் செய்த செயலின் எல்லையையும் மறைக்கின்றன. 'ஐந்து சிட்டங்களைத் தனித்தனியே சாயமிட்டு ஒவ்வொன்றையும் அளந்தோம்' என்று தன்மைப் பன்மைச் செய்வினையில் எழுதத் தொடங்கினால், எதைச் சாயமிட்டோம், எதை அளந்தோம் என்ற இரண்டையும் சொல்லாமல் வாக்கியம் முடியாது. செய்வினை ஆய்வெழுத்துக்குரிய நடுநிலையைக் கெடுக்கும் என்னும் எண்ணம் இவ்விடத்தில் மறுபரிசீலனைக்குரியது.

கலைச்சொல்லும் கருதத்தக்கது. 'பொருந்தாமை' என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். பொருந்தும், பொருந்தாது என்னும் இரண்டில் ஒன்றை அது குறிப்பதாகத் தோன்றுகிறது. 'பொருந்தாமை முக்கியமற்றது' என்றதும் 'பொருந்துகிறது' என்று படிப்பது இதனால் எளிதாகிறது. ஆனால் நாம் கணிப்பது ஒரு நிலையை அன்று, ஓர் அளவை. 'பொருத்தக்குறை' என்னும் சொல் குறை எவ்வளவு, எங்கே என்று கேட்க இடம் தருகிறது. இக்கட்டுரை அச்சொல்லைக் கையாள்வதற்குக் காரணம் இதுவே. அவ்வாறே திரும்பச் சாயமிடுதலை 'மறுசெய்கை' எனவும் திரும்ப அளத்தலை 'மறுஅளவீடு' எனவும் வேறுபடுத்தினால், முன்னர்க் கண்ட இருபொருள் எழுத்திலேயே நீங்கும்.

8. திருத்திய பத்தி

முதலாமவரின் சோதனைக்கு ஆய்வுமுறைப் பகுதி பின்வருமாறு அமையலாம்.

> "ஐந்து கிராம் பருத்திச் சிட்டங்களை 100 மில்லிலிட்டர் சாயநீரில், நூலின் எடையில் 3 விழுக்காடு சாயத்தோடு, 60 பாகை செல்சியசில் சாயமிட்டோம். உப்பு (மையம் 50, படி 20 கிராம்/லிட்டர்), சோடா (மையம் 15, படி 5 கிராம்/லிட்டர்) ஆகிய இரண்டையும் மையக் கூட்டு வடிவமைப்பில் மாற்றினோம்: நான்கு மூலைப்புள்ளிகள், 1.414 படித் தொலைவில் நான்கு அச்சுப்புள்ளிகள், ஐந்து மையப்புள்ளிகள். பதின்மூன்று சோதனைகளையும் குலுக்கல் வரிசையில், ஒரே குடுவையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தோம். மையத்தின் ஐந்தும் மறுசெய்கைகள்; ஒவ்வொன்றுக்கும் சாயநீரைப் புதிதாகக் கலந்தோம். ஒவ்வொரு சிட்டத்திலும் நான்கு இடங்களில் அளந்து, சராசரியை ஒரே மதிப்பாகக் கொண்டோம். முழு இருபடி மாதிரியின் ஆறு உறுப்புகளையும் நீக்காமல் வைப்பதெனச் சோதனைக்கு முன்னரே தீர்மானித்தோம். பொருத்தக்குறையை (கட்டின்மைப் படி 3) மறுசெய்கைகளின் தூய பிழையோடு (கட்டின்மைப் படி 4) 5 விழுக்காட்டு மட்டத்தில் ஒப்பிட்டோம்; முடிவு எதுவாயினும் எச்சங்களைக் காரணிகளோடும் சோதனை வரிசையோடும் வரைந்து பார்த்தோம். மாதிரி பரிந்துரைத்த நிலையில் மூன்று புதிய சிட்டங்களைச் சாயமிட்டு உறுதிப்படுத்தினோம்."

இப்பத்தி முன்னதைவிட நீளமானது. மென்பொருளின் பெயர் இதில் இல்லை, சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் மென்பொருளின் பெயர் தெரியாவிடினும் இச்சோதனையைத் திரும்பச் செய்யலாம். 'மையத்தின் ஐந்தும் மறுசெய்கைகள்' என்னும் தொடர் தெரியாவிடின் செய்ய இயலாது. நான்கு இட அளவீடுகளும் வீணாகவில்லை. அவை நிறமானியின் பிழையைக் குறைக்கின்றன. தூய பிழைக்குப் பதிலாக நிற்பதில்லை.

முடிவுரை

மறுமொழிப் பரப்புச் சோதனையின் ஆய்வுமுறைப் பகுதியில் தூய பிழை எதிலிருந்து பெறப்பட்டது என்னும் செய்தியே பொருத்தக்குறைச் சோதனைக்குப் பொருள் தருகிறது. அது இல்லாதபோது ஒரே மாதிரிக்கு 2.1 என்றும் 235 என்றும் எஃப் விகிதம் வரக்கூடும். எது நம்பத்தக்கது என்று நடுவரும் அறிய இயலாது. உறுப்பு நீக்கம் பொருத்தக்குறையில் சேர்வதால் நீக்கத்தின் அளவுகோலையும் நீக்கத்துக்கு முன்னும் பின்னுமான எண்களையும் தருதல் வேண்டும். முக்கியமற்ற பொருத்தக்குறை மாதிரிக்கு அளிக்கப்படும் நற்சான்று ஆகாது. எவ்வளவு விலகலை அச்சோதனை கண்டிருக்கக்கூடும் என்பதோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இக்கட்டுரை இரு காரணிகளோடும் ஒரு மறுமொழியோடும் நின்றது. வெப்பநிலையும் ஒரு காரணியானால், குடுவைகள் பல ஒரே சூட்டைப் பகிர்வதால் இருவகைப் பிழைகள் தோன்றும்; அதற்குப் பிளவுப்பாத்திப் பகுப்பாய்வு வேண்டும். இளம்பிள்ளை போன்ற ஊர்களின் சாயமிடலை ஆராயும் ஆய்வேடுகளில் இது அடுத்து எழக்கூடிய வினா. அங்கும் ஆய்வாளர் முதலில் விடைசொல்ல வேண்டியது ஒன்றே: எதைத் திரும்பச் செய்தோம், எதைத் திரும்ப அளந்தோம்?